வினைமுற்று வந்த பிறகுதான் நிறுத்தம்: பாசி எடுக்கும் பெண்களுக்காக நான் தயாரித்த மேடைப் பேச்சு

பாம்பன் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பேச எனக்கு மண்டபம் ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில் 15 நிமிடம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் பாதிப்பேர். நான் தமிழில் பேச வேண்டும். நான் நிறுத்தும்போது பக்கத்தில் நிற்பவர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். காதில் கருவி மாட்டிக்கொண்டு கூடவே கேட்கிற ஏற்பாடு இல்லை. ஆகவே 15 நிமிடத்தில் எனக்குக் கிடைப்பது ஏழு நிமிடம்தான். மீதி, மொழிபெயர்ப்பவருக்கும் மைக் கை மாறுவதற்கும் போய்விடும். இதே மாதிரி பேசப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் தயாரித்த விதத்தை எழுதுகிறேன்.

மொழிபெயர்க்க வந்தவர் மதுரையில் கல்லூரி ஆசிரியை, என்னைவிட வயதில் சின்னவர். கூட்டத்துக்கு முந்தைய வாரமே போனில் பேசினோம். நான் எழுதியிருந்ததில் ஒரு வாக்கியத்தை வாசித்துக் காட்டினேன்:

“எங்கள் அம்மாக்கள் காலத்தில் இருந்து தீவுப் பக்கம் போய்ப் பாசி எடுத்துக்கொண்டிருந்த நாங்கள், 1986இல் இங்குள்ள 21 தீவுகளையும் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்து அங்கே போகக் கூடாது என்று ஆன பிறகு, பாசி அழிந்துவிடக் கூடாது என்பதற்காக மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்தும், அது வெளியில் யாருக்கும் தெரியவில்லை.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் நான் எதையும் முடிவு பண்ண முடியாது. ‘தெரியவில்லை’ன்னு முடியுமா, ‘தெரிந்தது’ன்னு முடியுமா? அதுவரைக்கும் எல்லாத்தையும் மனசுல தூக்கி வச்சுக்கிட்டே நிக்கணும்.”

விஷயம் அதுதான். தமிழில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, முடியாது, கூடாது எல்லாம் அதற்கும் கடைசியில் வருகின்றன. ஆங்கிலத்தில் யார், என்ன செய்தார் என்பது முதலிலேயே வந்தாக வேண்டும். போய், எடுத்து, அறிவித்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால், மூச்சு வாங்குவதற்காக நடுவில் நிறுத்தினாலும் மொழிபெயர்ப்பவர் கையில் சொல்லத் தக்க எதுவும் இருக்காது. அதனால் வினைமுற்று வந்த இடத்தில் மட்டுமே நிறுத்துவது என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒரு வாக்கியத்தை இப்படிப் பிரித்தேன். இரண்டு கோடு போட்ட இடம் நிறுத்தம்:

“எங்கள் அம்மாக்கள் பாசி எடுத்தார்கள். இப்போது நாங்கள் எடுக்கிறோம். //

1986இல் இங்குள்ள 21 தீவுகளைக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதன் பிறகு நாங்கள் தீவுப் பக்கம் போகக் கூடாது என்று ஆனது. //

பாசி அழிந்தால் எங்களுக்கும் பிழைப்பு இல்லை. அதனால் நாங்களே கூடிப் பேசினோம். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போகிறோம். மற்ற நாட்களில் பாசி வளர விட்டுவிடுகிறோம். //

இது எங்கள் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வெளியில் யாருக்கும் தெரியாது. //”

கவனித்தால் தெரியும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தம் இல்லை. முதலில் அப்படித்தான் கோடு போட்டிருந்தேன். அது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். “எல்லாருக்கும் தெரியும்” என்பதோடு நிறுத்தினால் அதை அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிடுவார். அப்புறம் நான் “ஆனால்” என்று ஆரம்பிக்கும்போது கேட்பவர்களுக்கு இரண்டும் தனித்தனிச் செய்தியாகத் தெரியும். ஆனால், அதனால், ஏனென்றால் என்று தொடங்கும் வாக்கியம் தனக்கு முந்தைய வாக்கியத்தோடு ஒரே மூச்சில் போக வேண்டும். இரண்டு முதல் நான்கு சின்ன வாக்கியம், சத்தமாக வாசித்தால் கால் நிமிடத்துக்குள் அடங்குவது, ஒரு கட்டு. அவர் குறிப்பெடுப்பார்தான். ஆனாலும் கட்டு நீண்டால் குறிப்பைப் பார்த்துத் திரும்பக் கட்டுவதற்கே நேரம் போகும் என்றார்.

எண்களைப் பற்றியும் ஒன்று சொன்னார். மற்றதை அம்புக்குறி, சுருக்கெழுத்து என்று ஏதோ ஒரு வகையில் குறித்துக்கொள்ளலாம். எண்ணை அப்படியே எழுதியாக வேண்டும். எழுதும் அந்த நேரத்தில் அடுத்த வார்த்தை காதில் விழாமல் போகலாம். இரண்டாம் கட்டில் 1986, 21 இரண்டும் ஒரே வாக்கியத்தில் வருவதால் அவற்றைத் தன் குறிப்புத் தாளில் முன்கூட்டியே எழுதிக்கொண்டார். மற்ற இடங்களில் ஒரு கட்டுக்கு ஓர் எண் போதும் என்று குறைத்துவிட்டேன்.

இன்னொரு தொல்லை, பிறர் சொன்னதைச் சொல்வது. “இரும்புச் சுரண்டியால் பாசியை எடுத்தால் பவளப்பாறை கெட்டுப்போகும், கையால் மட்டும் எடுங்கள் என்று எங்கள் மூத்த அக்காமார் சொன்னார்கள்” என்று நாம் இயல்பாகச் சொல்வோம். யார் சொன்னது என்பது கடைசியில் வருகிறது. அதை, “எங்கள் மூத்த அக்காமார் ஒன்று சொன்னார்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம். கையால் மட்டும் எடுங்கள்” என்று திருப்பினேன். எழுவாயையும் விடாமல் போட்டேன். பேச்சில் நாம் “போனோம், தடுத்தார்கள்” என்று முடித்துக்கொள்வோம். யார் தடுத்தது என்று ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். ஒரு அக்காவின் கதையைச் சொல்லும்போது “அவர்” என்று தொடங்காமல் “அந்த அக்கா” என்றே ஒவ்வொரு கட்டிலும் சொன்னேன். இல்லையென்றால் ஆணா பெண்ணா என்று மொழிபெயர்ப்பவர் என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஊர்ச்சொற்களுக்கு ஒரு தனித் தாள் கொடுத்தேன். மரிக்கொழுந்துப் பாசி என்றால் அறிவியல் பெயரில் ஜெலிடியெல்லா, கஞ்சிப்பாசி என்றால் கிராசிலேரியா, கட்டக்கோரை என்றால் சர்காசம். முதல் இரண்டிலும் அகர் எடுப்பார்கள், மூன்றாவதில் அல்ஜினேட்; இரண்டும் உணவைக் கெட்டியாக்கச் சேர்ப்பவை. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு, நீவாடு என்றால் நீரோட்டம், கச்சான் என்றால் மேற்கில் இருந்து வரும் காற்று. மதுரைக்காரருக்கு இவற்றில் பாதி புதுசு. மேடையில் கேட்டு விளங்கிக்கொள்ள நேரம் கிடைக்காது.

தாளைத் தயாரிப்பதிலும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கட்டும் புது வரியில், பெரிய எழுத்தில், நடுவில் ஒரு வரி வெற்றிடம். பக்கம் ஒரு கட்டின் நடுவில் முடியக் கூடாது. முதல் நாளே அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு வாசித்துப் பார்த்ததில் நேரம் கூடுதலாக இருந்தது. வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்; வேகம் கூடினால் மொழிபெயர்ப்புதான் முதலில் கெடும். சந்தைவிலை பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிட்டேன். மனசில்லைதான், ஆனால் 12 நாள் கதைக்கு இடம் வேண்டியிருந்தது.

அன்றைக்கு மண்டபத்தில் கச்சான் பலமாக அடித்தது. ஒரே மைக் என்றார்கள். கை மாற்றிக்கொண்டிருந்தால் கட்டுக்குக் கட்டு நேரம் விரயம். கேட்டு இரண்டாவது மைக் வாங்கிக்கொண்டோம். கட்டு முடிந்ததும் நான் தாளைத் தாழ்த்துவேன். அவர் முடித்ததும் நிமிர்ந்து பார்ப்பார். இதுதான் எங்கள் சைகை. அவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது நான் அவரைப் பார்க்காமல் எதிரில் இருப்பவர்களைப் பார்த்தேன். எந்த இடத்தில் தலையாட்டுகிறார்கள் என்று தெரிந்தது. தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் கால் நிமிடம் கழித்துச் சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன்.

கேள்வி நேரத்துக்குத் தாள் கிடையாது. அதற்கு நாங்கள் வைத்திருந்த ஒரே ஏற்பாடு, பதில் முதலில், காரணம் பிறகு. நாம் வழக்கமாகக் காரணத்தை எல்லாம் சொல்லிவிட்டு “அதனால்தான் முடியலை” என்று முடிப்போம். ஒருவர், மீதி நாட்களில் வருமானத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். “பாசியில் வருமானம் இல்லை. சிலர் கூலி வேலைக்குப் போகிறோம். சிலர் கடன் வாங்குகிறோம். அடுத்த முறை கடலுக்குப் போய் அந்தக் கடனை அடைக்கிறோம்” என்றேன். மொழிபெயர்த்தவர் நோட்டைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். கேட்டவர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார்: வட்டி எவ்வளவு?