துடிக்கும் புழுவும் தலைகீழான எண்ணும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

புதிதாக வந்தவர்களுக்கு லேபில் முதலில் தருவது அன்க்-22 தான். சி. எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவின் தசையில் டிவிச்சின் என்றொரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுதான் அன்க்-22. அதை அடக்கினால் புழு உடம்பெல்லாம் வெடவெடவென்று துடிக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே போதும், தெரிந்துவிடும். 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செலுத்திப் பார்த்ததும் இதே மரபணுவில்தான். ஒற்றை இழையைத் தனியாகச் செலுத்தினால் விளைவு அற்பம், இரண்டு இழையும் சேர்ந்தால்தான் துடிப்பு வந்தது. இப்படி இரட்டை இழை ஆர்என்ஏ, தன்னோடு பொருந்தும் மரபணுவின் செய்திப் படியான எம்ஆர்என்ஏவை அழியவைத்து அந்த மரபணுவை அடக்குவதுதான் ஆர்என்ஏ குறுக்கீடு. அவர்கள் ஊசியால் செலுத்தினார்கள். நாங்கள் சாப்பாட்டில் வைக்கிறோம்.

புழுவின் சாப்பாடு ஈ. கோலை பாக்டீரியா. எச்டி115 என்ற ரகத்தில், இரட்டை இழை ஆர்என்ஏவை வெட்டிப்போடும் நொதி கிடையாது. அதற்குள் எல்4440 என்ற பிளாஸ்மிட், அதாவது ஒரு சிறு வட்ட டிஎன்ஏ. அதன் நடுவில் அன்க்-22இன் ஒரு துண்டு, துண்டின் இரு பக்கமும் எதிரும் புதிருமாகப் பார்க்கும் இரண்டு டி7 புரமோட்டர், அதாவது படியெடுப்பு தொடங்கும் இடங்கள். படியெடுப்பைத் தூண்டும் ஐபிடிஜி கலந்த பிளேட்டில் வளர்த்தால் இரண்டு பக்கமிருந்தும் படி எடுக்கப்படும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்று மாலை ஒரு காலனியை எடுத்து இரவு முழுக்க வளர வைத்தாயிற்று.

மார்ச் 6, வியாழன்

நேற்று பிளேட்டில் விட்ட பாக்டீரியா காய்ந்து, இரவோடு இரவாக ஆர்என்ஏ தயாராகியிருக்க வேண்டும். இன்று கடைசிக் குட்டிப் பருவமான எல்4இல் இருக்கும் புழுக்களை ஒரு பிளேட்டுக்கு ஐந்து வீதம் விட்டேன். அதற்கு முன் வெறும் பிளேட்டில் கொஞ்ச நேரம் ஊர விடச் சொன்னார் அக்கா (எங்கள் போஸ்ட்டாக்). வழக்கமான உணவான ஓபி50 பாக்டீரியா உடம்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தால், புதுப் பிளேட்டில் அதுவும் வளரும், புழு அதையும் தின்னும், விளைவு நீர்த்துப்போகும்.

நான் இரண்டு வரிசைதான் போட நினைத்தேன்: அன்க்-22, வெற்றுப் பிளாஸ்மிட். அக்கா இன்னும் இரண்டு சேர்த்தார். ஒன்று, ஜெல்லிமீனின் ஜிஎஃப்பி மரபணுவுக்கான இரட்டை இழை. புழுவில் அந்த மரபணுவே இல்லை. ஆகவே ஏதோ ஓர் இரட்டை இழையைத் தின்றதாலேயே துடிப்பு வருகிறதா என்று இது சொல்லும். இன்னொன்று, அதே அன்க்-22 சாப்பாடு, ஆனால் ஆர்டிஇ-1 மரபணு கெட்டுப்போன புழு. அதற்கு ஆர்என்ஏ குறுக்கீடு வேலை செய்யாது. "சாப்பாடு ஒன்று, வயிறு ஒன்று, இயந்திரம் மட்டும் இல்லை" என்றார். அப்போது எனக்கு அது அதிகப்படியாகப் பட்டது.

மார்ச் 8, சனி

நேற்று பெரிய புழுக்களைப் புதுப் பிளேட்டுக்கு மாற்றினேன், இன்று எடுத்துவிட்டேன். இருப்பது முட்டையும் குட்டிகளும் மட்டும். தாயின் தசையில் ஏற்கெனவே கட்டிய டிவிச்சின் அங்கேயே நிற்கும். ஆர்என்ஏ குறுக்கீடு செய்திப் படியைத்தான் அழிக்கிறது, புரதத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் குட்டிகளுக்காகக் காத்திருக்கிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

துடிக்கின்றன! லேபிளை மறைத்துத் தோழியை எண்ணச் சொன்னேன். அன்க்-22 பிளேட்டில் 50க்கு 47. வெற்றுப் பிளாஸ்மிட்டில் ஒன்றுமில்லை, ஜிஎஃப்பியில் இல்லை, ஆர்டிஇ-1 புழுவிலும் இல்லை. நான்கு வரிசையிலிருந்தும் ஆர்என்ஏ எடுத்து உறைய வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று கியூபிசிஆர். ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, சுழற்சிக்கு இரு மடங்காகப் பெருக்கும் முறை இது. முதலில் அதிகம் இருந்தால் முந்திய சுழற்சியிலேயே தெரியும். எம்ஆர்என்ஏ எவ்வளவு குறைந்தது என்று ஓர் எண் வேண்டும். ஒப்பிட சிடிசி-42 என்ற மரபணு, அது எல்லா வரிசையிலும் 21ஆவது சுழற்சியில் வந்தது. வெற்றுப் பிளாஸ்மிட் தின்ற புழுவில் அன்க்-22 வந்தது 24இல், வித்தியாசம் 3. அடக்கிய புழுவில் அது இன்னும் தாமதமாக வந்திருக்க வேண்டும். வந்ததோ 19இல்! வித்தியாசம் கழித்தல் 2. ஐந்து சுழற்சி முந்தி வந்தால் 2-இன் 5-ஆம் அடுக்கு, அதாவது 32 மடங்கு அதிகம். அடக்கப்பட்ட மரபணு 32 மடங்கு எகிறியிருக்கிறது, புழுவோ துடித்துக்கொண்டிருக்கிறது. குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பப் போட்டேன். அதே எண்.

மார்ச் 14, வெள்ளி

பிளாஸ்மிட் டிஎன்ஏ கலந்திருக்குமோ? ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காத குழாயைப் பார்த்தேன், 34க்கு மேல்தான் ஏதோ தெரிகிறது. ஆக டிஎன்ஏ இல்லை. அங்கே உண்மையாகவே ஆர்என்ஏ இருக்கிறது.

அப்புறம்தான் உறைய வைத்திருந்த ஆர்டிஇ-1 வரிசையைப் போட்டேன். அதிலும் 19! துடிக்காத, குறுக்கீடே நடக்காத புழுவிலும் அதே எகிறல். அப்படியென்றால் அந்த ஆர்என்ஏ புழுவுடையதே இல்லை. அது தின்ற சாப்பாடு. குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குள் அன்க்-22இன் இரட்டை இழை கொட்டிக்கிடக்கிறது. பெருக்க வேண்டிய பகுதியின் இரு முனைகளைக் குறிக்கும் என் பிரைமர்கள் இரண்டும் பிளாஸ்மிட்டில் வைத்த அந்தத் துண்டுக்குள்ளேயே விழுகின்றன. புழுவின் செய்தியை எண்ணுவதாக நினைத்து, மருந்தை எண்ணியிருக்கிறேன். அதிகப்படி என்று நினைத்த வரிசைதான் காட்டிக்கொடுத்தது.

துண்டுக்கு வெளியே, மரபணுவின் வேறொரு பகுதியில் புதுப் பிரைமர் ஆர்டர் செய்தாயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

பிரைமர் வரும்வரை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. ஆர்டிஇ-1 கெட்ட புழு எப்படி இவ்வளவு ஆரோக்கியமாக வளர்கிறது? புழு தன் மரபணுக்களை அடக்கத் தானே தயாரிக்கும் மைக்ரோஆர்என்ஏக்களும் இருக்கின்றனவே, அவையும் சிறிய ஆர்என்ஏதானே, அதே டைசர் நொதிதானே இரண்டையும் வெட்டுகிறது? டீ குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன். வெட்டும் கத்தி ஒன்று, பிடிக்கும் கை வேறு என்றார். வெளியிலிருந்து வந்த இரட்டை இழையின் துண்டை ஆர்டிஇ-1 பிடிக்கிறது. மைக்ரோஆர்என்ஏவைப் பிடிப்பவை ஏஎல்ஜி-1, ஏஎல்ஜி-2. எல்லாம் ஆர்கோநாட் குடும்பம்தான். ஏஎல்ஜி இரண்டும் சேர்ந்து போனால் கருவே பிழைக்காது. ஆர்டிஇ-1 போனால் புழு கவலையில்லாமல் வளரும். அதனால்தான் அது கன்ட்ரோலாக உதவுகிறது.

முதல் மைக்ரோஆர்என்ஏவும் இதே புழுவில்தான். லின்-4 மரபணு கெட்ட புழு முதல் குட்டிப் பருவத்தின் வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்யும், முட்டையிடும் வாயே உருவாகாது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு தேடிப் போனபோது கிடைத்தது புரதம் இல்லை, 22 எழுத்து நீள ஆர்என்ஏ. கேரி ரவ்கன் குழு, அது லின்-14 என்ற இன்னொரு மரபணுவின் செய்தியின் வால்பகுதியில் பல இடங்களில் அரைகுறையாகப் பொருந்துவதைக் கண்டது. முழுசாகப் பொருந்த வேண்டியதில்லை, முன்பக்கத்து ஏழெட்டு எழுத்துகள் பிடித்தாலே பெரும்பாலும் போதும். அப்போது லின்-14 புரதம் மறைந்தது, எம்ஆர்என்ஏ அப்படியே இருப்பதாகத் தெரிந்தது. 2005இல்தான் அந்த எம்ஆர்என்ஏவும் குறைவதைக் காட்டினார்கள். மைக்ரோஆர்என்ஏ விஷயத்தில் கியூபிசிஆர் எண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லாதே, புரதத்தையும் பார் என்று அக்கா இரண்டு முறை சொன்னார். வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு எந்த எண்ணின் மீதும் பெரிய பாசமில்லை.

மார்ச் 20, வியாழன்

புதுப் பிரைமர் வந்தது. பழைய ஆர்என்ஏவையே போட்டேன். வெற்றுப் பிளாஸ்மிட்: வித்தியாசம் 3.1. ஜிஎஃப்பி: 3.0. ஆர்டிஇ-1: 3.2. அடக்கிய புழு: 5.3. இரண்டே கால் சுழற்சிக்குச் சற்றுக் குறைவான தாமதம், அதாவது எம்ஆர்என்ஏவில் மிச்சம் சுமார் 22 சதவீதம். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் இருக்கிறது, ஆனாலும் துடிக்கிறது. துடிக்காத அந்த மூன்று புழுக்களும் இந்த 22க்குள் கலந்திருக்கின்றன. மொத்தமாக அரைத்தால் யாரில் எவ்வளவு என்று தெரியாது.

பழைய பிரைமர் குழாயைத் தூக்கிப்போடவில்லை. மூடியில் சிவப்பு மையால் "சாப்பாடு" என்று எழுதி ஃபிரீசரில் வைத்தேன். புழு பாக்டீரியாவைத் தின்றதா என்று பார்க்க அது நன்றாகவே உதவும்.