சந்தை மூடிய பிறகான ஒன்றரை மணி நேரம்

கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்கத் தரகு நிறுவனத்துக்கு இரவு வேலை பார்க்கிறேன். குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷனை விற்றவர்களின் கணக்குகளை, அது காலாவதியாகும் எக்ஸ்பைரி அன்று கவனிப்பது என் பொறுப்பு. அங்கே வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குச் சந்தை மூடும். கோடை மாதங்களில் நமக்கு அது சனிக்கிழமை அதிகாலை 1.30. எனக்குப் பெரிய கவலை அதற்குப் பிறகுதான்.

ஒரு வாடிக்கையாளர் பங்கை 50 டாலருக்கு வாங்கும் உரிமை தரும், அதாவது 50 டாலர் ஸ்ட்ரைக்கில், 5 கால் ஆப்ஷன் விற்று, பாதுகாப்புக்கு 55 டாலர் ஸ்ட்ரைக்கில் ஐந்து வாங்கியிருந்தார். ஓர் ஆப்ஷனுக்கு நூறு பங்கு; பங்குக்கு ஒரு டாலர் வீதம் பிரீமியமாகக் கையில் வந்தது 500 டாலர். அதிகபட்ச நஷ்டம் 2,000 டாலர் என்பது அவர் கணக்கு. பங்கு 49.97-ல் முடிந்தது.

உடன் வேலை பார்க்கும் தம்பி கேட்டான்: "காக்கா, ஐம்பதுக்குக் கீழதானே முடிஞ்சிருக்கு? அப்புறம் என்ன?"

பங்கின் விலை ஸ்ட்ரைக்கைவிட ஒரு சென்ட் அதிகமாக, அதாவது உள்ளே, முடிந்தால் கால் ஆப்ஷன் தானாக எக்சர்சைஸ் ஆகும், ஸ்ட்ரைக் விலையில் பங்கு கைமாறும். ஆனால் வெளியே முடிந்தாலும், வாங்கியவர் விரும்பினால் எக்சர்சைஸ் செய்யலாம். முடிவெடுக்க அவருக்கு மாலை 5.30 வரை நேரம் உண்டு. 4.20-க்கு அந்த நிறுவனத்தைப் பற்றி நல்ல செய்தி வந்து விலை 52-ஐத் தொட்டது. 55 ஸ்ட்ரைக்கில் வாங்கிய ஆப்ஷனால் பயனில்லை, அது அன்றோடு முடிந்துபோகும். அசைன்மெண்ட் வந்தால், அதாவது பங்கைக் கொடுக்கும் கடமை அவர் மேல் விழுந்தால், திங்கட்கிழமை அவர் கணக்கில் கையில் இல்லாமல் விற்ற 500 பங்கு ஷார்ட்டாக நிற்கும், பாதுகாப்பு எதுவும் இருக்காது. விலை 58-ல் திறந்தால் 4,000 டாலர் போகும். பிரீமியம் கழித்தும் 3,500.

அப்போதே 500 பங்கு வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் யாருக்கு அசைன்மெண்ட் என்பது குலுக்கல் போலத்தான் விழும். ஐந்தில் இரண்டுக்கு மட்டும் வரலாம், ஒன்றுக்கும் வராமலும் போகலாம். வராவிட்டால் வாங்கிய பங்கு திங்கட்கிழமை சரியும்போது அதுவே நஷ்டம். எத்தனை வரும் என்று தெரியாததால் சரியான அளவுக்கு ஈடுகட்ட முடியாது. விலை ஸ்ட்ரைக்கை ஒட்டி முடியும்போது வரும் இந்த ஆபத்தைத்தான் 'பின் ரிஸ்க்' என்பார்கள்.

அதனால் 3 மணிக்கே விலை ஸ்ட்ரைக்கை ஒட்டி நின்றால், விற்றதைத் திரும்ப வாங்கச் சொல்வேன். அன்று 20 சென்ட் என்றால் ஐந்துக்கும் 100 டாலர். பலருக்கு அதைக் கொடுக்க மனம் வராது. எனக்கு அது மலிவாகவே படுகிறது.

ஊரில் நம் பங்குச் சந்தையில் ஆப்ஷன் விற்கும் நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்பார்கள். இங்கே 2011 முதல் பங்கு ஆப்ஷன்கள் ஐரோப்பிய முறையில் உள்ளன. எக்ஸ்பைரிக்கு முன் யாரும் எக்சர்சைஸ் செய்ய முடியாது. உள்ளே முடிந்தவை தானாகவே எக்சர்சைஸ் ஆகும். ஆனால் முடிவு விலை கடைசி அரை மணி நேரச் சராசரி, மூடிய பிறகுதான் உறுதியாகும். 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன் எல்லாமே டெலிவரி. கால் விற்றவர் ஒரு லாட் முழுதும் பங்கு கொடுக்க வேண்டும், புட் விற்றவர் முழுப் பணம் கட்டி வாங்க வேண்டும். ஸ்ட்ரைக்கை ஒட்டி நிற்கும் பொசிஷனை மூன்று மணிக்கு முன்பே முடித்துவிடச் சொல்கிறேன்.