பெரியம்மாவின் கனவு

தங்கையின் வளைகாப்பு. பெரியம்மா வளையல் போட்டுக்கொண்டே சொன்னார்: "கனவுல தாமரை மொட்டு வந்துச்சு. பொண்ணுதான்."

அத்தை விடவில்லை. "எனக்கு நல்ல பாம்புல்ல வந்துச்சு. பையன்தான்."

தங்கைக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. வளையல் போட்ட கையை மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

இரண்டில் ஒரு கனவு பலித்தே தீரும். பலித்ததை அடுத்த வளைகாப்பு வரை சொல்வார்கள். மற்றது யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்கேனில் பாலினம் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சரியான தடைதான். ஆனால் அந்த ஆவல் கனவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. தந்தையின் விந்தணு கொண்டுவருவது எக்ஸ் குரோமோசோமா ஒய்யா என்பதுதான் கணக்கு. ஏழாம் மாதத்துப் பாம்புக்கு அது தெரிய வழியில்லை.

கர்ப்ப காலத்தில் கனவுகள் அதிகம் நினைவில் நிற்பது உண்மை. இரவில் அடிக்கடி விழிப்பு வரும், விழித்த நொடியில் கண்ட கனவு அப்படியே தங்கிவிடும்.

மாலையில் தங்கையிடம் கேட்டேன், உனக்கு என்ன கனவு வருது என்று.

"குழந்தையை பஸ்லயே விட்டுட்டு நான் இறங்கிடுறேன் அண்ணா. ரெண்டு தடவை வந்துடுச்சு."

அதைப் பற்றித்தான் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.