47 அனுப்பினேன், 20 தான் போய்ச் சேர்ந்தது

அப்பாவின் இதய அறுவை சிகிச்சைக்கான இன்சூரன்ஸ் பணத்தைத் திரும்பப் பெற ஆன்லைனில் விண்ணப்பித்து மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை, மருந்துக்கடை பில்கள் பெரும்பாலானவை இல்லை, 15 நாட்களுக்குள் தராவிட்டால் கிளெய்ம் மூடப்படும் என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த பில்களை எல்லாம் நானே இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து ஸ்கேன் செய்திருந்தேன். மொத்தம் 47 ஃபைல். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். பச்சை நிறத்தில் 'ஆவணங்கள் வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டன' என்று வந்ததை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருந்தேன்.

உதவி எண்ணுக்கு அழைத்தால், "நீங்க அனுப்பினதுதான் சார் சிஸ்டத்துல இருக்கும்" என்பதற்கு மேல் பதில் இல்லை. அரை நாள் விடுப்பு போட்டு, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஆன்லைனில் போட்ட கிளெய்முக்கு ஆன்லைனில்தான் ஆவணம் ஏற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். "இதுல எத்தனைன்னு போடலையே சார்" என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது, ஆனால் அவர் சொன்னது சரி. அந்தப் பச்சைச் செய்தியில் எண்ணிக்கையும் இல்லை, ஃபைல் பெயரும் இல்லை. நான் எதை அனுப்பினேன் என்பதற்கு அது எந்த விதத்திலும் சாட்சி ஆகாது.

வீட்டுக்கு வந்து கிளெய்ம் பக்கத்தில் நுழைந்து, ஏற்றிய ஆவணங்களின் பட்டியலை முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். சரியாக 20. இதை அனுப்பிய அன்றே செய்திருந்தால் மூன்று வாரமும் அரை நாள் விடுப்பும் மிச்சமாகியிருக்கும்.

அந்த 20 என்ற எண்ணைக் கேட்டதும் தங்கச்சி மாப்பிள்ளை போனிலேயே சொல்லிவிட்டார். அவர் இணையதளங்கள் கட்டும் வேலையில் இருக்கிறார். "மச்சான், பக்கத்தோட முகவரி `.php`-ன்னு முடியுதா பாருங்க" என்றார். முடிந்தது. பிஎச்பி என்ற மொழியில் எழுதிய தளங்களில், ஒரே அனுப்புதலில் எத்தனை ஃபைல் ஏற்றுக்கொள்வது என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. யாரும் மாற்றாமல் விட்டால் அது 20. ஒருவர் ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்களை ஒரே மூச்சில் அனுப்பி சர்வரைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காக 2009-இல் சேர்த்த அமைப்பு அது. சர்வரில் `php.ini` என்ற ஃபைலில் இப்படி ஒரு வரியாக இருக்கும்:

```
max_file_uploads = 20
```

வரம்பு இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. 21-ஆவது ஃபைலிலிருந்து வருவதை எல்லாம் அந்த மொழி சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது என்பதுதான் விஷயம். தளத்தை எழுதியவரின் நிரலுக்கு 20 ஃபைல் மட்டுமே கண்ணில் படும். விடுபட்டவற்றுக்குப் பிழைக் குறிப்பு எதுவும் அந்தப் பட்டியலில் இருக்காது. வந்த 20-உம் நல்லபடியாகச் சேமிக்கப்பட்டதால் நிரல் வெற்றிச் செய்தியைக் காட்டிவிடுகிறது. எச்சரிக்கை ஒன்று பதிவாவது உண்டு, ஆனால் அது சர்வரின் உள்பதிவில் கிடக்கும். அனுப்பியவர் அதைப் பார்க்கவே வழியில்லை.

எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. என் இணைய வேகம் குறைவு என்பதால் பாதியில் அறுந்திருக்குமோ என்று கேட்டேன். அவர் தன் கணினியில் பிஎச்பி-யைப் போட்டு, ஃபைல் அளவுக்கான வரம்புகளை மட்டும் கூட்டி, எண்ணிக்கை வரம்பைத் தொடாமல் விட்டு, ஒரு ஃபைல் பெட்டியும் இந்த ஒரு வரியும் மட்டும் எழுதி, என்னுடைய அதே 47 ஃபைலையும் அனுப்பிக் காட்டினார்.

```
<?php echo count($_FILES['docs']['name']);
```

திரையில் 20 என்று வந்தது. உள்பதிவில் `Maximum number of allowable file uploads has been exceeded` என்ற வரி இருந்தது. இணையம் அறுந்திருந்தால் பக்கம் வெற்றி என்று சொல்லும் இடத்துக்கே பெரும்பாலும் போயிருக்காது, எண்ணிக்கையும் இப்படி அச்சாக 20-இல் நின்றிருக்காது என்றார். நிறுவனத்தின் சர்வருக்குள் நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. ஆனாலும் பொருத்தம் அவ்வளவு துல்லியமாக இருந்தது. வேறு தளங்களில் இந்த எண் வேறாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்தது 20 அல்லது 50 மாதிரி பூஜ்யத்தில் முடியும் ஒரு எண்ணில் நின்றால் முதலில் இந்த மாதிரி வரம்பைச் சந்தேகப்படுங்கள்.

சரி, 20 வந்திருக்கிறது. எந்த 20? இங்கேதான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. அவர்கள் தளம் ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தமாக ஒரு நீள எண்ணைப் பெயராக வைத்திருந்தது. என்னுடைய பெயர் எதுவும் மிச்சமில்லை. பில்களும் ஒரே கடையின் பில்கள், ஒரே அச்சு, தேதி மட்டும் வேறு. முதலில் ஒவ்வொன்றாகத் திறந்து தேதியைப் பார்த்துக் குறித்தேன். ஒரே நாளில் மூன்று பில் இருந்த இடத்தில் குழம்பி, ஒன்பதாவது ஃபைலோடு விட்டுவிட்டேன். முதல் 20 தான் போயிருக்கும், 21-லிருந்து அனுப்பினால் போதும் என்றும் யோசித்தேன். மாப்பிள்ளை வேண்டாம் என்றார். உலாவி எந்த வரிசையில் அனுப்பியது என்பது நாம் ஃபோல்டரில் பார்க்கும் வரிசையாகவே இருக்கும் என்று உறுதியில்லை.

அவர் சொன்ன வழி இது. தளத்தில் இருந்த 20 ஃபைலையும் பதிவிறக்கி `received` என்ற ஃபோல்டரில் போட்டேன். என்னுடைய 47-ஐயும் `sent` என்ற ஃபோல்டரில் வைத்தேன். இரண்டும் இருக்கும் இடத்தில், விண்டோஸில் கட்டளைகளை அடிக்கும் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து இதை அடித்தேன்:

```
$a = Get-FileHash .\sent\*
$b = Get-FileHash .\received\*
Compare-Object $a $b -Property Hash -PassThru |
  Format-List SideIndicator, Path
```

ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு நீளமான எண்ணெழுத்துக் கோவையை இது கணக்கிடுகிறது. பெயர் மாறினாலும் உள்ளடக்கம் மாறாதவரை கோவை மாறாது. `<=` என்று வந்தால் அந்த ஃபைல் என்னிடம் மட்டும் இருக்கிறது, அங்கே போகவில்லை. `=>` என்று வந்தால் அங்கே இருப்பது என்னுடைய எதனோடும் பொருந்தவில்லை. எனக்கு `<=` 27 வந்தது, `=>` ஒன்றுகூட இல்லை. அதாவது போய்ச் சேர்ந்த 20-உம் பழுதில்லாமல் அப்படியே இருக்கின்றன, விடுபட்ட 27-இன் பெயரும் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டேன்.

ஒரு எச்சரிக்கை. சில தளங்கள் படங்களைச் சுருக்கிவிடும், அல்லது பிடிஎஃப் மேல் முத்திரை போடும். அப்படி நடந்தால் எல்லா ஃபைலும் பொருந்தாதவையாகவே வரும். அப்போது இந்த வழி பயன்படாது, திறந்து கண்ணால்தான் பார்க்கவேண்டும். அதற்காகவே இப்போது ஒவ்வொரு பில்லின் மூலையிலும் பென்சிலால் வரிசை எண் எழுதிவிட்டுத்தான் ஸ்கேன் செய்கிறேன்.

விடுபட்ட 27-ஐ அனுப்பும் முன் இன்னொரு பயம் இருந்தது. புதிதாக அனுப்புவது பழைய 20-ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால்? அதனால் முதலில் ஒரே ஒரு ஃபைலை அனுப்பிப் பார்த்தேன். பட்டியல் 21 ஆனது. அப்புறம் 14 அனுப்பினேன். 35 ஆகவேண்டும், 34 தான் காட்டியது. பச்சைச் செய்தி அப்போதும் வெற்றி என்றே சொன்னது.

மறுபடி பதிவிறக்கி ஒப்பிட்டேன். இந்த 14-இல் விடுபட்டது டிஸ்சார்ஜ் சம்மரி. கலரில் ஸ்கேன் செய்ததால் 6.2 எம்பி இருந்தது. ஒரு ஃபைலுக்கு 5 எம்பி வரை என்று பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்ததை அதுவரை நான் பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் பிஎச்பி மேல் பழி போட முடியாது என்றார் மாப்பிள்ளை. அளவு மீறிய ஃபைலுக்கு அது பிழைக் குறியீடு கொடுக்கிறது. தளத்தை எழுதியவர் அந்தக் குறியீட்டைப் பார்த்து நமக்குச் சொல்லவேண்டும், அதைச் செய்யவில்லை. முதல் தடவை 47-ஐயும் பத்துப் பத்தாகவே அனுப்பியிருந்தாலும் இந்த ஒன்று போயிருக்காது, அதுவும் கிளெய்முக்கு மிக முக்கியமான தாள். கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ-யில் மறுபடி ஸ்கேன் செய்தேன். 1.4 எம்பி ஆனது, எழுத்து தெளிவாகவே இருந்தது. அனுப்பினேன், 35. மிச்சம் 12-ஐயும் அனுப்பினேன், 47.

மொத்த அளவுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டாம். அதைத் தாண்டினால் சர்வர் பக்கத்தில் ஒரு ஃபைல்கூட வந்து சேராது, நீங்கள் நிரப்பிய விவரங்களும் வெறுமையாகிவிடும். 'ஃபைல் தேர்ந்தெடுக்கவில்லை' என்று பக்கம் சொன்னால், தேர்ந்தெடுத்தது நினைவிருந்தால், குறைவாக எடுத்து அனுப்பிப் பாருங்கள். எனக்கு அது நேரவில்லை.

கடைசியில் அவர்கள் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். 47 ஃபைலின் பெயர், பில் எண், தேதி, தொகை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, 'தங்கள் பதிவில் 47 ஆவணங்கள் உள்ளனவா என எண்ணிக்கையைக் குறிப்பிட்டுப் பதில் தரவும்' என்று கேட்டேன். 'கிடைத்ததா' என்று மட்டும் கேட்டிருந்தால் 'கிடைத்தது' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார்கள். நாலாவது நாள், கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது, 47 ஆவணங்கள் பெறப்பட்டன என்று பதில் வந்தது. அதை அச்செடுத்து அப்பாவின் மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.