250 அனுப்பினேன், 255 வந்தது

போனும் கவுண்டர் கருவியும் இணையம் இல்லாமல், வெறும் ஒலியை வைத்துக் கட்டண விவரத்தைப் பரிமாற முடியுமா என்று சில வாரங்களாகச் செய்து பார்க்கிறேன். கவுண்டர் கருவி என்று நான் வைத்திருப்பது மைக்கும் ஸ்பீக்கரும் பொருத்திய ஒரு சின்னக் கணினி.

18,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 93.75 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சுருதிகள் எடுத்துக்கொண்டேன். பெரியவர்களில் பலருக்கு இந்த உயரத்தில் காது கேட்காது. இதற்கும் மேலே போனால் போன் ஸ்பீக்கரே சோர்ந்துவிடுகிறது. ஒரு சுருதி அரை பைட்டைச் சுமக்கும், 21 மில்லிநொடி ஒலிக்கும். தொகைக்கு 4 பைட், கவுண்டர் எண்ணுக்கு 4, சரிபார்ப்பு முத்திரைக்கு 8, பிழை திருத்தும் ரீட்-சாலமன் குறியீட்டுக்கு 8. மொத்தம் 48 சுருதிகள், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

முதலில் 'டிக் டிக்' என்று காதில் விழுந்தது. சுருதி சட்டென்று தொடங்கி சட்டென்று அறுபட்டால், அந்த வெட்டு கேட்கக்கூடிய ஒலியாகச் சிதறும். இரு முனையிலும் 3 மில்லிநொடி ஏற்றி இறக்கியதும் அது அடங்கியது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். திறந்த மேசையில் எல்லாம் சரியாக வந்தது. கருவியைச் சுவரோரம் நகர்த்தி, போனைக் கையால் பொத்தியபடி பிடித்தபோது, 250 அனுப்பினால் 255 வந்தது. பிழை திருத்தத்தை நிறுத்திவிட்டு, வந்த சுருதிகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். 250 என்பது 15 × 16 + 10, அதனால் 15, 10 என்ற இரண்டு சுருதிகளாகப் போகும். வந்தது 15, 15. மற்ற தவறுகளும் அப்படியே: தவறான ஒவ்வொரு சுருதியும் அதற்கு முந்தையதன் நகல். இரைச்சலாக இருந்தால் தவறு கண்டபடி சிதறியிருக்கும். இது எதிரொலி. சுவர் ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப ஒலிக்கு 9 மில்லிநொடி பிடிக்கும். உயர்ந்த சுருதியைக் கை எளிதாக மறைத்துவிடுவதால் நேரே வரும் ஒலி மெலிந்து, சுவரில் பட்டு வந்த பழைய சுருதி வென்றுவிடுகிறது. ரீட்-சாலமனின் 8 பைட்டால் 4 பைட் பிழையைத்தான் திருத்த முடியும். அங்கே 6, 7 வந்துகொண்டிருந்தது.

சுருதியின் நீளத்தை 43 மில்லிநொடியாக்கி, முதல் பாதியைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் அளந்தேன். அதற்குள் எதிரொலி தேய்ந்துவிடுகிறது. நேரம் இரண்டு நொடியானது, ஆனால் அதே சுவரோரம் 20 முறை அனுப்பி 20 முறையும் சரியாக வந்தது. வேகத்தை இழந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

இந்த ஒலியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து மறுபடி ஒலிக்கவிடலாம். அதனால் கருவி முதலில் ஒரு புதிய எண்ணை ஒலிபரப்பும், போன் அதையும் தொகையையும் சேர்த்து முத்திரை போடும். பதிவு செய்ததை இன்னொரு போனில் ஒலிக்கவிட்டேன், கருவி ஏற்கவில்லை. ஆனால் ஒரே பணத்தை இணையம் இல்லாத இரண்டு கவுண்டர்களில் கொடுத்தால், இரண்டுமே ஏற்றுக்கொள்ளும். இருப்பைப் போனின் பாதுகாப்புச் சிப்புக்குள் பூட்டி, அங்கேயே கழித்தால்தான் அதைத் தடுக்க முடியும். அந்தப் பகுதியை நான் இன்னும் தொடவில்லை.