விவசாயம் செய்யாமல் வேளாண் வேலை: மக்காச்சோளக் கொள்முதலில் நான் சேர்ந்த விதம்

வேளாண்மை படித்துவிட்டு சொந்தமாகப் பயிர் செய்யப் போவதில்லை என்று சொன்னால், அப்போ உரம், மருந்து விற்கப் போறியா என்றுதான் கேட்கிறார்கள். நான் போனது ஸ்டார்ச் ஆலையின் மூலப்பொருள் தரப் பிரிவுக்கு. வாசலில் வந்து நிற்கும் மக்காச்சோள லாரியை உள்ளே விடலாமா, விட்டால் எடையில் எவ்வளவு கழிவு பிடிப்பது என்று முடிவு செய்யும் வேலை.

நேர்காணலில் பாடக் கேள்விகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. அப்புறம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். லோடு 20 டன், ஈரப்பதம் 17 சதவீதம், ஒப்பந்தப்படி இருக்க வேண்டியது 14. எத்தனை கிலோவுக்குப் பணம் தருவாய்? மூன்று சதவீதம் கூடுதல், அதனால் 600 கிலோ கழிப்பேன் என்றுதான் பலரும் சொல்வார்களாம். ஆனால் காய்ந்தால் போவது தண்ணீர் மட்டும், சோளத்தின் உலர்ந்த எடை மாறாது. 20 டன்னில் அது 16.6 டன். ஈரம் 14 ஆகி அதுவே 86 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் மொத்த எடை சுமார் 19.3 டன், அதாவது கழிக்க வேண்டியது 700 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு லாரிக்கே கிட்டத்தட்ட 100 கிலோ வித்தியாசம், சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது இது சின்னத் தொகை இல்லை.

அடுத்து சாம்பிள் எடுக்கச் சொன்னார்கள். வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பேன். அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு லோடு முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது, சில மணிகளில் மட்டும் குவிந்திருக்கும், கண்ணுக்கும் தெரியாது. மேலாக ஒரு கை அள்ளிச் சோதித்தால் மோசமான லோடுகூடத் தேறிவிடும். அதனால் நீளக் குழாயை லாரியின் மூலைகளிலும் நடுவிலும் அடிவரை இறக்கி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, பிரித்து, சோதனைக்கான பங்கை முழுதாக அரைத்த பிறகுதான் நச்சைக் காட்டும் பட்டைச் சோதனைக்குத் தர வேண்டும். முழு மணிகளில் நாலைந்தைப் பொறுக்கிக் கொடுத்தால் அந்த முடிவுக்கு மதிப்பே இல்லை.

ஈரப்பத மீட்டரையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. உலர்த்தியில் இருந்து அப்போதுதான் இறங்கிய மணியின் வெளிப்புறம் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும், மீட்டர் குறைத்துக் காட்டும். மறுநாள் அதே சோளத்தை அளந்தால் எண் ஏறியிருக்கும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் நான் ஆறவைத்துத்தான் அளப்பேன், எதிரில் நிற்கும் வியாபாரி முறைத்தாலும் சரி.

அறுவடைக் காலத்தில் இரவு ஷிப்ட் கண்டிப்பாக வரும், தூசியும் தாராளம். வாக்குவாதமும் தினமும் உண்டு, அதனால் கழிவுக் கணக்கை வியாபாரி கண் முன்னே எழுதிக் காட்டி, அதே சாம்பிளில் ஒரு பங்கை முத்திரையிட்டு வைத்துவிடுவேன், மறுசோதனை கேட்டால் அதைத்தான் எடுப்போம். இரண்டு மூன்று சீசன் இப்படி ஓட்டியவர்கள் கொள்முதல் மேலாளராகவோ, ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கோ போகிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் கண்.