குரல் பதிவு 80 நொடிக்குள் அடங்குமா: சொல்லை விட்டு எழுத்தை எண்ணிப் பார்த்தேன்

தஞ்சைப் பெரிய கோயில் பற்றி ஒன்றரை நிமிட வீடியோ ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். தொடக்க இசைக்கு 4 நொடி, முடிவில் பெயர்ப் பலகைக்கு 6 நொடி போனால் குரலுக்கு மிஞ்சுவது 80 நொடி. எழுதிய ஸ்கிரிப்டில் 118 சொல் இருந்தது. நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கில் போட்டால் 47 நொடிதான் வருகிறது, ஆனால் சும்மா வாய்விட்டுப் படித்தாலே ஒன்றரை நிமிடத்தைத் தொடுகிறது.

காரணம் தமிழ்ச் சொல்லின் நீளம். ‘நீர்’ ஒரு சொல், ‘கட்டிமுடிக்கப்பட்டிருக்கிறது’ என்பதும் ஒரு சொல். அதையே இடம் விட்டுப் பிரித்து எழுதினால் எண்ணிக்கை இரண்டாகிவிடும், படிக்கும் நேரம் துளியும் மாறாது. அதனால் சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணினேன். புள்ளி வைத்த எழுத்து தனியாக ஒலிக்காது, முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே புள்ளி எழுத்துகளைக் கழித்து மற்றவற்றை மட்டும் எண்ணினால் போதும்: ‘நீர்’ 1, அந்த நீளச் சொல் 11. இதற்குப் பைத்தானில் மூன்று வரி போதும்:

```python
import re
t = open("script.txt", encoding="utf-8").read()
print(len(re.findall("[அ-ஹ]", t)) - t.count("\u0bcd"))
```

குறில், நெடில் பார்த்து மாத்திரைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். ஒரு பத்தி முழுக்க எடுத்தால் இரண்டும் கலந்தே வருவதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, எளியதையே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது என் வேகம். இதே மாதிரி நடையில் இருந்த வேறொரு பத்தியைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்து மௌன இடங்களைத் தனியாக அளந்தேன். 320 எழுத்து, மொத்தம் 68 நொடி, அதில் மௌனம் 10. பேசிய நேரம் 58 நொடி என்றால் நொடிக்கு ஏறக்குறைய 5.5 எழுத்து. மௌனத்தைப் பிரித்து வைப்பது அவசியம், ஏனென்றால் பேசும் வேகம் எனக்குப் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது, இடைவெளிதான் வாக்கியங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதினால் அதே எழுத்து எண்ணிக்கைக்கே நேரம் கூடும்.

இந்த ஸ்கிரிப்டில் 14 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 0.7 நொடி விட்டால் கிட்டத்தட்ட 10 நொடி. மீதி 70 நொடியை 5.5-ஆல் பெருக்கினால் 385 எழுத்துக்கு இடம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 416. சரி, கொஞ்சம் வெட்டினால் போதும் என்று தோன்றும், ஆனால் அதில் எண்கள் ஒளிந்திருந்தன. ‘1010-இல்’, ‘216 அடி’, யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ‘1987-இல்’ எல்லாவற்றையும் வாயால் சொல்வது போலவே எழுத்தில் விரித்தேன்: ஆயிரத்துப் பத்தில், இருநூற்றுப் பதினாறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில். எண்ணிக்கை 441 ஆகிவிட்டது. மூன்றே மூன்று எண், நாலரை நொடி! ஆண்டுகள் நிறைந்த ஸ்கிரிப்ட் என்றால் இதை விரிக்காமல் நேரம் கணக்கிடவே முடியாது.

ஆக 56 எழுத்தைக் குறைக்க வேண்டும். தகவலில் கைவைக்கும் முன் வினைச்சொற்களைப் பார்த்தேன், அங்கேதான் கொழுப்பு அதிகம். ‘கட்டப்பட்டிருக்கிறது’ 8 எழுத்து, ‘கட்டினார்’ 3. ஒரே இடத்தில் கிட்டத்தட்ட ஒரு நொடி மிச்சம், சொல் எண்ணிக்கையோ அப்படியே இருக்கிறது, கேட்கவும் இதுதான் நன்றாக இருக்கிறது. ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து’ என்பதில் முன்பாதியை விட்டு, பேச்சில் சொல்வது போல ‘தொள்ளாயிரத்து எண்பத்தேழில்’ என்றால் இன்னும் 4 எழுத்து. முந்தைய வாக்கியத்தில் 1010 வந்திருந்தால் குழப்பம் வரும், என்னுடையதில் இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தன. இப்படியே 388-க்குக் கொண்டுவந்தேன். 70.5 நொடி பேச்சு, 10 மௌனம், 80.5 வர வேண்டும்.

பதிவு செய்தபோது வந்தது 82. எங்கே கூடியது என்று பத்தி வாரியாகக் கணக்கையும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஏறக்குறைய சரியாகப் பொருந்தின, பெயர்களும் அளவுகளும் அடுக்கி வரும் நடுப் பத்தி மட்டும் இழுத்திருந்தது. புதுப் பெயர் வரும்போது வாய் தானாக நிதானிக்கிறது, அது கேட்பவருக்கும் தேவைதான். அதனால் இனிமேல் அந்த மாதிரிப் பத்திக்கு மட்டும் நொடிக்கு 5 எழுத்து என்று போடுகிறேன்.

மிச்சமிருந்த 2 நொடிக்கு ஆடாசிட்டியின் Change Tempo போட்டு 2.5 சதவீதம் வேகம் கூட்டினால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் விமானத்தின் உயரத்தைச் சொல்லும் இடத்தில் ‘வானை நோக்கி உயர்ந்து நிற்கும்’ என்று ஒரு தொடர் இருந்தது. அது 9 எழுத்து, கிட்டத்தட்ட 2 நொடி. திரையில் விமானமே தெரிவதால் அதை எடுத்துவிட்டேன். இப்போது குரல் 80 நொடியில் முடிகிறது.